கடை விளம்பரத்தில் சினிமா வரி: எங்கே சிக்கல், எங்கே பாதுகாப்பு?

இந்த வாரம் என் கடையில் நடந்த ஒரு சங்கதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஹட்டனில் எனக்கு ஒரு புடைவைக் கடை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு ஆண்டின் பெரிய வியாபாரம் இரண்டு காலங்களில்தான். ஒன்று நோன்புப் பெருநாள். மற்றது தீபாவளி. தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம் டவுனுக்கு இறங்கும். அந்தப் பத்து நாள் வியாபாரத்தை நம்பித்தான் கொழும்பு மொத்த வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கிறோம்.

கடந்த தீபாவளிக்கு என் தங்கை மகன் ஒரு யோசனை சொன்னான். "மாமா, இப்ப நோட்டிஸ் அடிக்கிற காலமில்ல. பேஸ்புக்கில ஆறு படம் போடுவம். விரலால தள்ளத் தள்ள ஒன்றுக்குப் பின்னால் ஒன்று வரும்" என்றான். இதற்குக் கரோசல் என்று பெயராம். ஒவ்வொரு படத்திலும் ஒரு சேலை அல்லது சட்டை. அதன்மேல் சனத்துக்குத் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டு வரி அல்லது வசனம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காசு கட்டி விளம்பரமாகவும் ஓட விட்டோம்.

நான்காம் நாள் அது காணாமல் போய்விட்டது. பதிப்புரிமை முறைப்பாடு வந்ததால் நீக்கப்பட்டது என்று பக்கத்துக்கு ஒரு செய்தி. இன்னும் இப்படி நடந்தால் பக்கமே மூடப்படலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள்! ஐந்து வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தில்தான்.

எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு படங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் இங்கே தருகிறேன்.

நாம் நம்பும் மூன்று தவறுகள்

முதலாவது, "இரண்டு வரிதானே, ஏழு சொல்லுக்குள் இருந்தால் பரவாயில்லை" என்பது. இத்தனை சொல், இத்தனை விநாடி வரை இலவசம் என்ற கணக்கு நமது சட்டத்தில் இல்லை. 2024 நவம்பரில் நடிகை நயன்தாரா வெளியிட்ட பகிரங்கக் கடிதம் நினைவிருக்கும். அவரைப் பற்றிய நெட்பிளிக்ஸ் ஆவணப்படத்தில் வந்த சில விநாடிக் காட்சிக்கு, நடிகர் தனுஷின் தரப்பு 10 கோடி இந்திய ரூபாய் கேட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அது வரியல்ல, காட்சி. ஆனாலும் சிறியது என்பதற்காக யாரும் கேட்காமல் விடமாட்டார்கள் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இரண்டாவது, "பாடலாசிரியர் பெயரைக் கீழே போட்டால் போதும்" என்பது. பெயர் போடுவது ஒரு கடமை. அனுமதி வாங்குவது வேறொரு கடமை. ஒன்றைச் செய்தால் மற்றது தீராது.

மூன்றாவது, "அது இந்தியப் படம், நம் நாட்டில் செல்லாது" என்பது. இலங்கை பேர்ண் உடன்படிக்கையில் 1959 முதல் அங்கத்துவ நாடு. இந்தியாவும் அதில் இருக்கிறது. ஆகவே சென்னையில் எழுதப்பட்ட பாட்டுக்கு ஹட்டனிலும் பாதுகாப்பு உண்டு. அதை யாரும் இங்கே பதிவு செய்திருக்கத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது என்பதுதான் நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் நிலைப்பாடு.

வரி எத்தனை என்பதல்ல, வரிக்கு என்ன வேலை என்பதே கேள்வி

அந்தச் சட்டத்தின் 11ஆம், 12ஆம் பிரிவுகள் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய இடங்களைச் சொல்கின்றன. விமர்சனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்ற தேவைகளுக்கு நியாயமாகப் பயன்படுத்தலாம். வெளியான ஒரு படைப்பின் சிறு பகுதியை மேற்கோளாகவும் காட்டலாம். ஆனால் அந்த மேற்கோள் நேர்மையான வழக்கத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் நீளக் கூடாது. மூலத்தையும், ஆக்கியவர் பெயர் அதில் இருந்தால் அந்தப் பெயரையும் சொல்ல வேண்டும்.

நியாயமான பயன்பாடா என்று பார்க்கும்போது நான்கு விடயங்கள் கவனிக்கப்படும். எதற்காகப் பயன்பட்டது, வியாபாரத்துக்கா? எடுத்த படைப்பு எப்படிப்பட்டது? எவ்வளவு எடுக்கப்பட்டது? அதனால் உரிமையாளரின் சந்தைக்குப் பாதிப்பு உண்டா?

சட்டத்தரணி இதை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "அந்த வரியைப் பற்றி நீங்கள் ஏதாவது பேசுகிறீர்களா, அல்லது அந்த வரி உங்கள் சேலையை விற்கிறதா?"

ஒருவர் பாடல் விமர்சனம் எழுதி, அதை ஐந்து படங்களாகப் போட்டு, இரண்டு வரியைக் காட்டி "இங்கே கவிஞர் இந்தச் சொல்லை ஏன் போட்டார்" என்று விளக்கினால், அந்த வரி பேச்சுக்குப் பொருளாகிறது. அது மேற்கோள். அதே இரண்டு வரியைச் சேலைமேல் எழுதிக் கீழே 4,500 ரூபாய் என்று விலை போட்டால் அது மேற்கோள் அல்ல. இன்னொருவரின் உழைப்பை என் விற்பனையாளனாக நிறுத்திவிட்டேன், சம்பளம் இல்லாமல்.

ஒரு வரி தப்பிய வழக்கு

"விளம்பரத்தில் பாட்டு வரி போட்டு யாரும் தப்பியதே இல்லையா?" என்று கேட்டேன். அவர் டில்லி உயர் நீதிமன்றம் 2012 ஓகஸ்டில் தீர்த்த ஒரு வழக்கைக் காட்டினார். வழக்காடியவர்கள் இந்தியா டிவியும் யாஷ்ராஜ் பிலிம்ஸும்.

'பண்டி அவுர் பப்ளி' என்ற 2005ஆம் ஆண்டுப் படத்தில் வரும் 'கஜ்ரா ரே' பாட்டை அறியாதவர் குறைவு. அதன் ஒரே ஒரு வரியை இந்தியா டிவி ஓர் அறிவிப்புப் படத்தில் சேர்த்துவிட்டது. உரிமையாளரான யாஷ்ராஜ் வழக்குப் போட்டது. முதலில் தனி நீதிபதி தடை விதித்தார். மேன்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை வேறுவிதமாகப் பார்த்தது. சட்டம் அற்பமான மீறலைப் பொருட்படுத்தாது என்ற பழைய கோட்பாட்டை எடுத்து, ஐந்து கேள்விகளை வைத்து அளந்தது. பாதிப்பு எவ்வளவு, வழக்கை நடத்தும் செலவு எவ்வளவு, மீறப்பட்ட கடமையின் நோக்கம் என்ன, மூன்றாம் நபர்களின் உரிமைக்கு என்ன ஆகும், செய்தவரின் எண்ணம் என்ன என்பவையே அவை. முடிவில் அந்த ஒரு வரி அற்பமானது என்று விடப்பட்டது.

இதைக் கேட்டதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த அறிவிப்பு எதை விற்றது என்று கேட்கவில்லையே?" என்றார். அது எந்தப் பொருளையும் விற்கவில்லை. நுகர்வோருக்கு விழிப்புணர்வூட்டும் படம் அது. வரியும் முழுப் பாட்டில் ஒன்றுதான். என் படங்களிலோ வரிதான் நடுநாயகம், நோக்கம் முழுக்க விற்பனை, அதுவும் ஒன்றல்ல, ஆறு படம். தவிர அது இந்திய நீதிமன்றத்தின் தீர்ப்பு. நம் நீதிமன்றம் அதை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. ஆக அந்தத் தீர்ப்பு வழக்கு வந்தபின் பிடித்துக்கொள்ளும் கயிறு. அதை நம்பிக் கிணற்றில் குதிக்கக் கூடாது.

என் ஆறு படங்களும்

முதல் படம். அண்மையில் வந்த படத்தின் பாட்டிலிருந்து பல்லவியின் இரண்டு வரி. முறைப்பாடு வந்தது இதற்குத்தான். பாட்டு முழுவதும் நாற்பது வரி இருக்கலாம். ஆனால் சனம் நினைவில் வைத்திருப்பது பல்லவியைத்தான். நான் எடுத்தது அளவில் சிறிது, பெறுமதியில் பாதி. இது தெளிவான தவறு.

இரண்டாம் படம். ஒரு பெரிய நடிகர் சொல்லும் மூன்று சொல் வசனமும் அவருடைய படமும். மூன்று நான்கு சாதாரணச் சொற்களுக்குப் பதிப்புரிமை கிடைப்பது கடினம். 'தேசி பாய்ஸ்' படத் தலைப்பு வழக்கில், தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2015 ஒக்டோபரில் சொல்லியிருக்கிறது. சின்னச் சொற்றொடருக்கும் ஏறக்குறைய அதே நியாயம்தான். ஆனால் சொல் தப்பினாலும் முகம் தப்பாது. புகைப்படத்துக்குத் தனி உரிமை உண்டு. அத்துடன் அந்த நடிகரே என் கடையைச் சிபாரிசு செய்வதுபோல் ஆகிவிடுகிறது. ரஜினிகாந்த் தன் பெயர், உருவம், வசனம் பேசும் பாணி ஆகியவற்றை ஓர் இந்திப் படம் பயன்படுத்தியதற்கு எதிராக 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றார். 2023 ஜனவரியில் அவருடைய சட்டத்தரணி பொது அறிவித்தலும் விட்டார். நம் சட்டத்தில் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டியைப் பற்றியது. வாடிக்கையாளரை இப்படிக் குழப்பினால் அதற்குள்ளும் மாட்டலாம்.

மூன்றாம் படம். கண்ணதாசன் எழுதிய பழைய பாட்டு வரி. "இது அறுபது வருடப் பழசு, இதற்கென்ன?" என்றேன். பாட்டு எப்போது வந்தது என்பதல்ல கணக்கு, எழுதியவர் எப்போது மறைந்தார் என்பதுதான். நமது சட்டத்தில் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும். கண்ணதாசன் மறைந்தது 1981இல். ஆகவே 2051 வரை பாதுகாப்பு இருக்கிறது. வாலி மறைந்தது 2013இல், அவருடைய வரிகளுக்கு 2083 வரை. நம் காதுக்குப் பழசாக இருப்பது சட்டத்துக்குப் பழசல்ல.

நான்காம் படம். மருமகனுக்குப் பெருமையாக இருந்தது இதுதான். ஒரு பிரபல வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கடைப் பெயரைச் செருகியிருந்தான். இது இரட்டைப் பிழை. அனுமதி இல்லாதது ஒன்று. மற்றது, 10ஆம் பிரிவு ஆக்கியவருக்குத் தார்மிக உரிமை என்று ஒன்றைத் தருகிறது. தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பைத் திரிப்பதை அவர் எதிர்க்கலாம். இந்த உரிமை பொருளாதார உரிமையிலிருந்து தனியானது. பாட்டுக் கம்பனி காசு வாங்கிக்கொண்டு அனுமதி தந்தாலும், வரியைத் திரிக்கப் போனால் கவிஞரையும் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படம். ஒரு தாய் மகனுக்குப் பேசும் ஆறு வரி வசனம். இரண்டாம் படத்தின் மூன்று சொல்லைப் போல இது தப்பாது. இதில் எழுதியவரின் கற்பனையும் சொல்லடுக்கும் இருக்கின்றன. முதல் படத்தின் நிலைதான் இதற்கும்.

ஆறாம் படம். கொழுந்து பறிக்கும்போது பாடும் பழைய தோட்டப் பாட்டு ஒன்று. யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாது. இதுவாவது நமக்குச் சொந்தம் என்று நினைத்தேன். இங்கேதான் நான் எதிர்பாராத விடயம் இருந்தது. நமது சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது. லயத்தில் கூடியிருந்து பாடினால் ஒன்றுமில்லை. வியாபார நோக்கத்துக்காகப் பிரதி செய்தால், அமைச்சரால் தீர்மானிக்கப்படும் அதிகாரியின் அனுமதி தேவை. நடைமுறையில் இதற்காக ஹட்டன் கடைக்காரன்மேல் யாரும் உடனே பாயப் போவதில்லை. ஆனாலும் 'பாட்டன் பாட்டு, பொதுச் சொத்து' என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது.

ஆறில் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது இங்கே குற்றமும்கூட. நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நட்டஈடு வழக்கு அதற்குப் புறம்பானது. முதல் முறைப்பாடு வந்தபின்னும் அதே படத்தை இன்னொரு பக்கத்தில் போட்டால், "தெரியாமல் செய்தேன்" என்ற வார்த்தைக்குப் பெறுமதி இருக்காது.

முறைப்பாடு வந்தால்

நான் முதலில் செய்ய நினைத்தது அதைத்தான்: வேறு பெயரில் ஒரு பக்கம் திறந்து திரும்பப் போடுவது. நல்ல வேளை, செய்யவில்லை. செய்ய வேண்டியது இதுதான். வந்த செய்தியைப் படம் பிடித்து வையுங்கள். அதில் முறைப்பாட்டு இலக்கமும், முறையிட்டவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். அது உண்மையில் உரிமையாளர்தானா என்று பாருங்கள். உரிமையாளர்தான் என்றால், இதே மாதிரி வரியுள்ள மற்றப் படங்களையும் அவர்கள் சொல்லுமுன் நீங்களே எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று மரியாதையாக எழுதுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் மட்டும் எதிர்த்து எழுதுங்கள். உதாரணமாக, வரி உங்களுடையது, அல்லது அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. சும்மா எதிர்த்தால் விடயம் வழக்கு வரை நீளும்.

அனுமதி கேட்பது எப்படி?

ஒரு பாட்டில் உரிமை பல அடுக்காக இருக்கிறது. வரி ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு ஒரு கம்பனியுடையது. இளையராஜா பாடல் வழக்கொன்றில் 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம்கூட, வரி இல்லாமல் பாட்டு இல்லை, பாடலாசிரியரும் உரிமை கேட்டால் என்னாவது என்று கேட்டது. படத்தில் வரியை மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் வேண்டியது வரியின் உரிமை. அது பெரும்பாலும் ஒப்பந்தப்படி தயாரிப்பாளரிடமோ பாட்டுக் கம்பனியிடமோ இருக்கும். முதலில் அவர்களிடம், வரியின் உரிமை யாரிடம் என்று கேளுங்கள். வசனம் என்றால் தயாரிப்பாளர். படத்தோடு பாட்டையும் ஒலிக்க விட்டால் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் வேறாகக் கேட்க வேண்டும்.

கடிதத்தில் எந்த வரி, எத்தனை படம், எந்தப் பக்கத்தில், எத்தனை நாள், காசு கட்டிய விளம்பரமா, எந்த நாடுகளில் தெரியும் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பதிலைக் கையொப்பத்தோடு எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "சரி" என்றது கணக்கில்லை. பதில் வராமல் இருப்பதும் சம்மதம் ஆகாது. பத்து நாள் விளம்பரத்துக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் அனுபவம். கொழும்பு 10, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை, சமாகம் மெதுரவில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. சட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு அவர்களை அணுகலாம். ஆனால் பாட்டு வரிக்கு அனுமதி தருவது அவர்கள் வேலையல்ல.

பிறகு என்ன போட்டோம்?

அன்றிரவே கடையைப் பூட்டியபின் நானும் மருமகனும் உட்கார்ந்து புதிதாக ஆறு படம் செய்தோம்.

ஒன்றில் 'ஆள் பாதி, ஆடை பாதி' என்ற பழமொழி. இன்னொன்றில் ஒரு திருக்குறள். குறள் எல்லாருக்கும் பொது. அதற்கு யாரோ அண்மையில் எழுதிய உரையைக் கீழே போடாமல் விளக்கத்தை எங்கள் சொந்தச் சொல்லில் எழுதினோம், ஏனென்றால் உரைக்குத் தனி உரிமை இருக்கலாம். 1921இல் மறைந்த பாரதியாரின் வரி ஒன்றும் சேர்ந்தது. நம் வாசகர்களுக்கு உமறுப் புலவரின் சீறாப்புராணமும், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களும் இதேபோல் காலம் கடந்தவை, தடையில்லை.

நான்காவதில் ஒரு சினிமாக் காட்சியின் கருவை மட்டும் எடுத்தோம். கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பொட்டலத்தைக் கொடுப்பது. எத்தனையோ படத்தில் வந்த காட்சி. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதைச் சொன்ன சொல்லுக்குத்தான் உண்டு. நாங்கள் எங்கள் வீட்டுப் பையனையே நிற்க வைத்துப் படம் எடுத்து, எங்கள் சொல்லைப் போட்டோம்.

கடைசி இரண்டும் எங்கள் கடைக்குள் பேசப்பட்ட வசனங்கள். அவற்றில் ஒன்று கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஓர் அம்மா சொல்வது: "நூறு ரூபா கொறைங்க மொதலாளி, பொங்கலுக்கும் இங்கதான வருவேன்." அவரிடம் கேட்டுத்தான் போட்டோம். சிரித்துக்கொண்டு சம்மதித்தார். அடுத்த வாரம் வந்தவர்களில் பலர் கல்லாவில் நின்று அதே வசனத்தை என்னிடமே சொல்லி விலை பேசினார்கள். நூறு ரூபாய் குறைத்துக் குறைத்து எனக்குக் கொஞ்சம் நட்டம்தான். ஆனால் அந்த வசனத்துக்காக எந்தக் கம்பனியும் எனக்குக் கடிதம் போடவில்லை.